295 கிலோமீட்டரில் காணாமல் போன 147

வந்திருக்க வேண்டியவை 205. வந்தவை 58.

ஜப்பானில் நடக்கும் டி2கே என்ற சோதனையின் குழு 2013-இல் வெளியிட்ட கணக்கு இது. நாட்டின் கிழக்குக் கடலோரத்தில் தோக்காய் என்று ஓர் ஊர். அங்குள்ள முடுக்கியில் உண்டாகும் நியூட்ரினோக்கள் பாறைக்குள்ளேயே மேற்கு நோக்கி 295 கிலோமீட்டர் ஓடி, கமியோகாவில் ஒரு மலைக்கு அடியில் 1,000 மீட்டர் ஆழத்தில் இருக்கும் சூப்பர்-கமியோகாண்டே என்ற தொட்டியை ஊடுருவிச் செல்கின்றன. தொட்டியில் 50,000 டன் தூய நீர். புறப்பட்டவை ஏறக்குறைய எல்லாமே மியூவான் வகை நியூட்ரினோக்கள். வழியில் எதுவும் நடக்கவில்லை என்றால் அந்த வகைக்குரிய 205 நிகழ்வுகள், பதினேழு கூடவோ குறையவோ, தொட்டியில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவானது 58. மீதி 147 என்ன ஆயின?

பாறை விழுங்கிவிட்டது என்று சொல்ல வழியில்லை. இந்த ஆற்றலுள்ள நியூட்ரினோக்களில் ஒரு கோடியை அனுப்பினால் 295 கிலோமீட்டர் பாறையில் இரண்டு மூன்றுதான் அடிபடும். வழியில் சிதைந்துபோயின என்பதும் பொருந்தவில்லை. அதற்கான சாட்சி அந்த 58 நிகழ்வுகளுக்குள்ளேயே இருக்கிறது. அவற்றை ஆற்றல்வாரியாகப் பிரித்துப் பார்த்தால், இழப்பு எல்லா ஆற்றலிலும் ஒரே அளவில் இல்லை. 0.6 ஜிகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது 60 கோடி எலக்ட்ரான் வோல்ட், என்ற இடத்தை ஒட்டி ஆழமான ஒரு பள்ளம் தெரிகிறது. அதைவிட அதிக ஆற்றலோடு வந்தவை ஏறக்குறைய குறைவில்லாமல் வந்திருக்கின்றன. கருவியில் கோளாறு என்றால் பள்ளம் இப்படி ஓரிடத்தில் மட்டும் விழாது.

அந்தப் பள்ளம் ஏன் 0.6-இல் விழுந்தது என்பதை இரண்டே நிலைகளும் ஒரு பெருக்கல் வகுத்தலும் கொண்டு கணக்கிட்டுவிடலாம். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைத்தான் சொல்ல வருகிறது.

தொட்டிக்குள் என்ன தெரிகிறது

முதலில் வகையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். நியூட்ரினோக்கள் மூன்று வகை: எலக்ட்ரான் வகை, மியூவான் வகை, டாவ் வகை. நியூட்ரினோவை நேரடியாகப் பார்க்க முடியாது. அது தண்ணீரில் ஓர் அணுக்கருவை மோதி, தன் பெயருக்குரிய துகளை வெளியே தள்ளும்போதுதான் அகப்படும். மியூவான் நியூட்ரினோ மோதினால் மியூவான் வரும், எலக்ட்ரான் நியூட்ரினோ மோதினால் எலக்ட்ரான் வரும். அப்படி வரும் துகள் தண்ணீரில் ஒளியைவிட வேகமாக ஓடுவதால் செரன்கோவ் ஒளி என்ற நீலநிற வெளிச்சம் கூம்பு வடிவில் பரவுகிறது. தொட்டிச் சுவரில் பதித்த சுமார் 11,000 ஒளி உணர்குழாய்களில் அது ஒரு வளையமாக விழும். மியூவான் கனமானது, நேராக ஓடுவது. அதன் வளையத்துக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும். எலக்ட்ரான் சிதறிச் சிதறி ஓடுவதால் அதன் வளையம் கலங்கியிருக்கும்.

டாவ் வகைக்கு இங்கே வளையமே கிடையாது. டாவ் என்ற துகள் மிகவும் கனம். அதை உண்டாக்க நியூட்ரினோவிடம் குறைந்தது 3.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் இருந்தாக வேண்டும். தோக்காயிலிருந்து வருபவற்றில் பெரும்பாலானவை 0.6-ஐச் சுற்றியே இருப்பவை. ஆகவே மியூவான் வகையாகப் புறப்பட்ட ஒன்று டாவ் வகையாக வந்து சேர்ந்தால், அது தொட்டியைப் பொறுத்தவரை வராததற்குச் சமம்.

புறப்படும் இடத்தில் நடப்பது சுருக்கமாக இது: 30 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான்கள் கிராஃபைட் தண்டு ஒன்றில் மோதுகின்றன. அதில் பிறக்கும் பையான் என்ற துகள்கள் பறந்துகொண்டே சிதைந்து மியூவானையும் மியூவான் நியூட்ரினோவையும் தருகின்றன. மேலே சொன்ன 58 நிகழ்வுகளைப் பெறுவதற்கு அந்தத் தண்டில் மோதிய புரோட்டான்களின் எண்ணிக்கை 3-க்குப் பின் 20 சுழியங்கள்.

ஒரு வகை, இரண்டு நிறை

இனி விஷயத்துக்கு வருவோம். மியூவான் நியூட்ரினோவின் நிறை எவ்வளவு என்று கேட்டால் அதற்கு ஒற்றை விடை இல்லை. அளவு தெரியாததால் அல்ல, அதற்கென்று ஒரே நிறை கிடையாது என்பதால். பிறக்கும்போது அது வெவ்வேறு நிறையுள்ள நிலைகளின் கலவையாகப் பிறக்கிறது. உண்மையில் மூன்று வகைகளும் மூன்று நிறைநிலைகளும் உண்டு. ஆனால் தோக்காய்-கமியோகா ஓட்டத்துக்கு இரண்டு வகை, இரண்டு நிறைநிலை என்று எடுத்துக்கொண்டால் போதும். ஏன் போதும் என்பதைப் பிறகு எண்களைக் கொண்டே சரிபார்த்துவிடலாம்.

மியூவான் வகையை νμ என்றும், டாவ் வகையை ντ என்றும், நிறைநிலைகளை ν₁, ν₂ என்றும் குறித்தால்,

νμ = cosθ · ν₁ + sinθ · ν₂
ντ = −sinθ · ν₁ + cosθ · ν₂

θ என்பது கலப்புக் கோணம். கலவையில் ν₁-இன் பங்கு cos²θ, ν₂-இன் பங்கு sin²θ. கோணம் 45 பாகை என்றால் சரிபாதி. இரண்டு வகைகளிலும் இருப்பது அதே இரண்டு நிலைகள்தான். வேறுபாடு, அவை ஒன்றோடொன்று எந்தக் கட்டத்தில் சேர்ந்திருக்கின்றன என்பதில். அந்தக் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் சொல்வது அதைத்தான்.

ஒவ்வொரு நிறைநிலையும் தன் ஆற்றலுக்கு ஏற்ற அதிர்வெண்ணில் அலையாக ஓடுகிறது. நிறை கொஞ்சம் மாறினால் ஆற்றலும் கொஞ்சம் மாறும், அதிர்வெண்ணும் மாறும். தம்புராவில் ஒரே சுருதியில் இருக்க வேண்டிய இரண்டு தந்திகளில் ஒன்று மயிரிழை பிசகியிருந்தால் என்ன கேட்கும்? ஒலி ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கேட்கும். பள்ளிக்கூட இயற்பியலில் இதற்கு விம்மல் என்று பெயர். ஒரு விநாடிக்கு எத்தனை விம்மல் என்பது இரு தந்திகளின் அதிர்வெண் வேறுபாட்டுக்குச் சமம். நியூட்ரினோவில் நடப்பதும் விம்மல்தான். பிறக்கும் கணத்தில் இரண்டு நிலைகளும் ஒத்திசைந்து மியூவான் வகையாக இருக்கின்றன. ஓட ஓட ஒன்று முந்துகிறது, மற்றது பிந்துகிறது. அரைச்சுற்று விலகியதும் கூட்டல் கழித்தலாகிவிடுகிறது. அப்போது மியூவான் பாகம் அடங்கிப்போகும். தந்திகளிலிருந்து ஒரு வித்தியாசம் உண்டு: அங்கே ஒலி அடங்கினால் அமைதி, இங்கே ஒரு வகை அடங்கும்போது மற்ற வகை ஓங்குகிறது. இன்னும் அரைச்சுற்று போனால் பழைய வகையே திரும்பி வரும்.

ஒலி முழுக்க அடங்குவதற்கு இரண்டு தந்திகளும் சம வலுவில் ஒலிக்க வேண்டும். ஒன்று உரக்கவும் மற்றது மெல்லவும் ஒலித்தால் கொஞ்சம் மட்டும்தான் அடங்கும். நியூட்ரினோவிலும் அப்படியே. பங்குகள் பாதிக்குப் பாதி என்றால், பாதியிலிருந்து பாதி போய் மியூவான் பாகம் சுழியம் ஆகும். பங்குகள் 0.978, 0.022 என்றிருந்தால் மிஞ்சுவது 0.956. நிகழ்தகவுக்கு அதை வர்க்கம் எடுக்க வேண்டும்: 0.914. அதாவது அதிகபட்ச இழப்பே 8.6 சதவீதம்தான். பங்குகளிலிருந்து இந்த அதிகபட்ச இழப்பைத் தரும் கோவைக்குத்தான் sin²2θ என்று எழுதுகிறார்கள். 45 பாகைக்கு அதன் மதிப்பு 1.

விநாடிக்கு ஐந்நூறு

விம்மல் எவ்வளவு வேகம்? நிறை மிகச் சிறியதாகவும் ஓட்டம் ஒளியின் வேகத்தை ஒட்டியும் இருக்கும்போது, நிறையால் ஆற்றலில் கூடும் பகுதி m²/2E. ஆகவே இரு நிலைகளுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு, நிறைகளின் வர்க்கங்களுக்கு இடையிலான வேறுபாட்டை 2E-ஆல் வகுத்தால் கிடைப்பது:

ΔE = Δm² / 2E

Δm²-இன் அளந்த மதிப்பு சுமார் 0.0025, எலக்ட்ரான் வோல்ட்டின் வர்க்க அலகில். E 60 கோடி எலக்ட்ரான் வோல்ட். 0.0025-ஐ 120 கோடியால் வகுத்தால் 2.1 × 10⁻¹² எலக்ட்ரான் வோல்ட். இதை அதிர்வெண்ணாக்க பிளாங்க் மாறிலியால் வகுக்க வேண்டும். அது இந்த அலகில் 4.14 × 10⁻¹⁵. விடை, விநாடிக்குச் சுமார் 500.

இந்த 500-இல் சற்று நிற்கத் தோன்றுகிறது. 60 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு உரிய அலை விநாடிக்கு 10²³ தடவைக்கும் மேல் அதிர்கிறது. அதற்குள் ஒளிந்திருக்கும் விம்மலோ மனிதக் காதுக்கு எட்டும் ஒலியின் அதிர்வெண்ணில், யாரும் வாய்திறந்து பாடக்கூடிய ஒரு சுரத்தின் அளவில் இருக்கிறது. இரண்டு ஆற்றல்களையும் தனித்தனியே அளந்து கழித்துப் பார்ப்பது எந்தக் கருவிக்கும் ஆகாத காரியம். இருபதாவது தசம இடத்துக்கு அப்பால்தான் அவை வேறுபடுகின்றன. விம்மல் அந்த வேறுபாட்டைக் கிலோமீட்டர் கணக்கில் விரித்துக் காட்டிவிடுகிறது.

விநாடிக்கு 500 என்றால் ஒரு முழு விம்மலுக்கு இரண்டு மில்லி விநாடி. அதற்குள், விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நியூட்ரினோ கடக்கும் தூரம் 600 கிலோமீட்டர். இதற்குப் பெயர்தான் அலைவு நீளம். புறப்பட்ட வகையே முழுதாகத் திரும்பி வருவதற்கு ஆகும் தூரம். இதையே பொதுவாக எழுதினால்,

L₀ = 2hcE / Δm²

இதில் 2hc என்பது மாறாத எண். பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பெருக்கி இரண்டால் பெருக்கினால் 2.48 × 10⁻⁶, எலக்ட்ரான் வோல்ட்-மீட்டரில். ஆற்றலை ஜிகாவிலும் தூரத்தைக் கிலோமீட்டரிலும் வைத்துக்கொண்டால் பத்தின் அடுக்குகள் எல்லாம் கழிந்துபோய்,

L₀ (km) = 2.48 × E (GeV) / Δm² (eV²)

என்று நிற்கும். குறிப்பிட்ட தூரம் L ஓடியபின் பழைய வகையாகவே இருப்பதற்கான நிகழ்தகவு,

P = 1 − sin²2θ · sin²(180° × L / L₀)

பாடநூல்களில் இதே கோவையை 1.27 என்ற எண்ணோடு பார்த்திருப்பீர்கள். அது ரேடியனில் எழுதிய வடிவம், π-ஐ 2.48-ஆல் வகுத்தது. வேறொன்றுமில்லை.

இப்போது தோக்காயின் எண்களைப் போடலாம். 2.48-ஐ 0.0025-ஆல் வகுத்தால் 992. ஆகவே ஒரு ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மனக்கணக்காகவே போட்டுவிடலாம். 0.6-க்கு அலைவு நீளம் 595 கிலோமீட்டர். கமியோகா 295 கிலோமீட்டரில் இருக்கிறது, கிட்டத்தட்ட சரிபாதியில். அடைப்புக்குறிக்குள் உள்ள கோணம் 89 பாகை, அதன் சைன் வர்க்கம் 1. sin²2θ-வும் 1-ஐ ஒட்டியே இருப்பதால் மிஞ்சுவது ஏறத்தாழ சுழியம். பள்ளம் இங்கேதான்.

ஆற்றலை இரட்டிப்பாக்கி 1.2 ஆக்கினால் அலைவு நீளம் 1,190 கிலோமீட்டர், கோணம் 45 பாகை. பாதி மிஞ்சும். 2.4-க்குக் கோணம் 22 பாகைதான். நூற்றுக்கு 86 அப்படியே வந்துவிடும். கீழ்ப்பக்கம் 0.3-க்குப் போனால் அலைவு நீளம் 298 கிலோமீட்டராகச் சுருங்கி, கமியோகாவை அடைவதற்குள் ஒரு முழு விம்மல் முடிந்து, காணாமல் போனவை திரும்பியிருக்கும். 58 ஏன் சுழியமாகவில்லை என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. கற்றையில் 0.6 மட்டும் இல்லை, இருபுறமும் வால் உண்டு. அந்த வாலில் வந்தவைதான் எண்ணிக்கையில் பெரும்பங்கு.

தோக்காயிலேயே, தண்டிலிருந்து 280 மீட்டரில், இன்னொரு கருவி இருக்கிறது. அதே கோவையில் 0.28 கிலோமீட்டர் என்று போட்டுப் பாருங்கள்: வகை மாறியிருக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் இரண்டு. ஒன்றும் மாறாத நிலையில் கற்றையில் எத்தனை, என்னென்ன ஆற்றலில் புறப்படுகின்றன என்பதை அங்கே எண்ணிவிட்டுத்தான், கமியோகாவில் 205 வர வேண்டும் என்று சொன்னார்கள்.

தூரத்தை விஞ்ஞானிகள் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொட்டி 1996-லேயே இயங்கத் தொடங்கிவிட்டது, முடுக்கி வந்தது பிறகு. காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களைக் கொண்டு சூப்பர்-கமியோகாண்டே 1998-இல் அலைவுக்குச் சான்று தந்து, Δm² எவ்வளவு இருக்கும் என்றும் காட்டியிருந்தது. 2015-இல் தகாகி கஜிதாவுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது அதற்காகத்தான். ஆகவே தூரமும் Δm²-வும் முன்பே தெரிந்தவை. பொருத்திக்கொள்ள மிஞ்சியது ஆற்றல் மட்டுமே. கற்றையைத் தொட்டியின் மேல் நேராகக் குறிவைக்காமல் 2.5 பாகை விலக்கி வைத்தார்கள். பையான் சிதைவின் கணக்குப்படி, நேர்கோட்டில் பலவகை ஆற்றல்கள் பரந்து வரும். கொஞ்சம் விலகி நின்றால் எண்ணிக்கை குறைந்தாலும் பெரும்பாலானவை ஒரே ஆற்றலைச் சுற்றிக் குவியும். 2.5 பாகைக்கு அந்தக் குவியல் 0.6-இல் வருகிறது.

பள்ளம் தூர்ந்துபோகும் விதம்

பள்ளம் இருக்கும் இடம் Δm²-ஐச் சொல்கிறது, பள்ளத்தின் ஆழம் கலப்புக் கோணத்தைச் சொல்கிறது. இதில் இடத்தைவிட ஆழத்தை அளப்பதுதான் சிரமம். காரணம் ஆக்சிஜன் அணுக்கரு.

நியூட்ரினோவின் ஆற்றலை யாரும் நேரடியாக அளப்பதில்லை. வெளியே வந்த மியூவானின் ஆற்றலையும் திசையையும் பார்த்து, நியூட்ரினோ அசையாத ஒரு நியூட்ரானை மோதியது என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். ஆனால் அணுக்கருவுக்குள் நியூட்ரான் அசையாமல் இருப்பதில்லை. அதைவிடத் தொல்லையான இன்னொன்றும் நடக்கும்: மோதலில் ஒரு பையானும் பிறந்து, வெளியே வருவதற்குள் அதே அணுக்கருவில் உறிஞ்சப்பட்டுவிடும். வளையம் ஒன்றுதான் தெரியும். கணக்கு, ஆற்றலைக் குறைத்துச் சொல்லும். உண்மையில் 1.0-இல் வந்த நியூட்ரினோ 0.6-இல் வந்ததாகப் பதிவாகிப் பள்ளத்துக்குள் விழும். பள்ளம் அந்த அளவுக்குத் தூர்ந்து, கலப்பு முழுமையானது அல்ல என்ற பொய்த்தோற்றம் உண்டாகும். 280 மீட்டர் கருவியில் இப்படிப்பட்ட மோதல்கள் எத்தனை சதவீதம் என்று அளந்து திருத்தம் செய்கிறார்கள். இந்தத் துறையில் உழைப்பின் பெரும்பகுதி அலைவுக் கோவையில் அல்ல, இந்தத் திருத்தத்தில்தான் போகிறது.

மூன்றை இரண்டாக்கியது சரியா

மூன்று நிறைநிலைகள் இருக்கும்போது நிறைவர்க்க வேறுபாடுகளும் ஒன்றுக்கு மேல் உண்டு. நாம் எடுத்துக்கொண்டது பெரியது, 0.0025. சிறியதின் மதிப்பு 0.000075. முப்பது மடங்குக்கும் மேல் சிறியது. 0.6 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அதன் அலைவு நீளத்தைப் போட்டால் 19,840 கிலோமீட்டர் வருகிறது. பூமியின் விட்டத்தைவிட அதிகம். 295 கிலோமீட்டரில் அந்த விம்மல் மூன்று பாகைகூட நகர்ந்திருக்காது. அதன் விளைவு ஆயிரத்தில் இரண்டு. அந்த இரண்டு நிறைநிலைகளும் இந்த ஓட்டத்தில் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. ஆகவே மூன்று இரண்டாகிறது.

ஆனாலும் இரட்டைக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. காணாமல் போனவை எல்லாம் டாவ் வகையாக மாறவில்லை. நூற்றுக்கு நாலைந்து எலக்ட்ரான் வகையாக வந்து சேர்கின்றன. அதே 2013-இல் டி2கே குழு, கலங்கிய வளையங்கள் 28-ஐக் காட்டியது. அலைவு இல்லை என்றால் பின்னணியாக வந்திருக்கக்கூடியவை ஐந்து. 205-க்கும் 58-க்கும் இடையிலான பெரிய வேறுபாட்டை விளக்க இரண்டு நிலைகள் போதும். இந்த 28-ஐ விளக்க மூன்றாவதும் வேண்டும்.

அந்தச் சிறிய கலப்பைத் தனியாகப் பிடிக்க அணு உலைதான் நல்ல இடம். உலையிலிருந்து வருபவை எலக்ட்ரான் வகை எதிர்நியூட்ரினோக்கள், ஆற்றல் சுமார் 40 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். அதாவது 0.004 ஜிகா. கோவை அதேதான். 0.0025-க்கு அலைவு நீளம் 4 கிலோமீட்டர், 0.000075-க்கு 132 கிலோமீட்டர். ஒன்றின் பாதி 2 கிலோமீட்டர், மற்றதன் பாதி 66. சீனாவின் தயா வளைகுடாவில் உலைகளிலிருந்து 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் கருவிகளை வைத்து 2012-இல் பார்த்தபோது ஆறு சதவீதம் குறைந்திருந்தது. மேலே 0.978, 0.022 என்று போட்ட பங்குகள் சும்மா எடுத்துக்காட்டு அல்ல. அவை இந்தக் கலப்பின் பங்குகள்தான். அதிகபட்ச இழப்பு 8.6 என்றாலும், ஆற்றல் பரந்திருப்பதால் சராசரியில் ஆறாகத் தெரிகிறது. சீனாவிலேயே 2025-இல் இயங்கத் தொடங்கிய ஜூனோ கருவி உலைகளிலிருந்து 53 கிலோமீட்டரில் இருக்கிறது. நீண்ட விம்மலின் பள்ளத்தை ஒட்டிய இடம் அது. அந்தப் பெரிய பள்ளத்தின் மேல் 4 கிலோமீட்டர் விம்மலின் சிறு நெளிவுகளையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் அதன் நோக்கம்.

சூரியனிலிருந்து வருபவற்றுக்கு இந்தக் கோவையை அப்படியே போடக் கூடாது. அங்கே அடர்ந்த சூரியப் பொருளுக்குள் எலக்ட்ரான் வகை மட்டும் கூடுதலாக ஒரு தாக்கத்தை உணர்கிறது, கலப்பே மாறிவிடுகிறது. அது வேறு கணக்கு.

சொல்லாமல் விடுவது

இந்தக் கோவை இரண்டு விஷயங்களைச் சொல்வதில்லை. முதலாவது, நிறை எவ்வளவு என்பது. அதற்குள் நுழைவது வர்க்கங்களின் வேறுபாடு மட்டுமே. ஒரு நிறை சுழியம், மற்றது 0.05 எலக்ட்ரான் வோல்ட் என்றாலும் வேறுபாடு 0.0025. ஒன்று 0.300, மற்றது 0.304 என்றாலும் ஏறக்குறைய அதே 0.0025தான். இரண்டுக்கும் ஒரே அலைவு நீளம், ஒரே பள்ளம். குறைந்தபட்சம் ஒன்றுக்காவது 0.05-க்குக் குறையாத நிறை உண்டு என்பதுவரை சொல்லலாம். எலக்ட்ரானின் நிறையில் அது கோடியில் ஒரு பங்கு.

இரண்டாவது, எது கனம், எது லேசு என்பது. சைனின் வர்க்கத்துக்குள் Δm² கூட்டலானாலும் கழித்தலானாலும் விடை ஒன்றுதான். பெரிய வேறுபாட்டுக்கு உரிய மூன்றாவது நிலை மற்ற இரண்டுக்கும் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்ற கேள்வி இதனால்தான் இன்னும் திறந்து கிடக்கிறது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிட்டு, எதிர்ப்புகளால் முன்னேறாமல் நிற்கும் இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் முதன்மை நோக்கமும் இந்தக் கேள்விதான். 50,000 டன் காந்த இரும்பு வைத்து, பூமியைத் துளைத்து வரும் காற்றுமண்டல நியூட்ரினோக்கள் தரும் மியூவான்களின் மின்னேற்றத்தைப் பிரித்தறிவது அதன் வழி. நீண்ட தூரம் பாறைக்குள் ஓடும்போது, சூரியனுக்குள் நடப்பதைப் போன்ற தாக்கம் சிறிய அளவில் இங்கும் சேரும். அந்தத் தாக்கம் நியூட்ரினோவுக்கு ஒரு மாதிரியும் எதிர்நியூட்ரினோவுக்கு ஒரு மாதிரியும் இருப்பதால் குறியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கற்றையை வைத்து இதைச் செய்ய வேண்டுமானால் 295 கிலோமீட்டர் போதாது, பாறை அதிகம் வேண்டும். அமெரிக்காவில் டியூன் என்ற சோதனைக்காக ஃபெர்மி ஆய்வகத்திலிருந்து தெற்கு டகோட்டாவில் உள்ள ஒரு பழைய தங்கச் சுரங்கத்துக்கு 1,300 கிலோமீட்டர் கற்றை அனுப்ப ஏற்பாடு நடக்கிறது. அதற்கு எந்த ஆற்றல் தேவை என்று இப்போது நாமே போட்டுவிடலாம். 1,300 பாதி என்றால் அலைவு நீளம் 2,600. அதை 992-ஆல் வகுத்தால் 2.6 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். அவர்கள் வடிவமைத்திருக்கும் கற்றையின் உச்சமும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.